நியூமோனியா என்று எழுதி மூடப்படும் ஏடுகள்

நீரிழிவுள்ள தோட்டத் தொழிலாளி ஒருவர் மழைக்காலத்தில் காய்ச்சலும் இருமலுமாய் வைத்தியசாலைக்கு வந்து நான்காம் நாள் இறந்தால், ஏட்டில் ‘நியூமோனியா’ என்று எழுதப்படுகிறது. எந்தக் கிருமியால் வந்த நியூமோனியா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் ஒரு பற்றீரியா உண்டு. காற்புண் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகுந்து, நீரிழிவுக்காரரையே பெரிதும் வீழ்த்தும். அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். இலங்கையில் 1927இல் முதன்முதலாகப் பதிவான நோயாளி ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். பின்னர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே செய்தி வந்தது. 2006 முதல் முறையாகத் தேடியபோதோ, பத்தாண்டு சொச்சத்தில் இருநூறுக்கு மேற்பட்டோரிடம் நோய் உறுதியாயிற்று. நோய் புதிதன்று, தேடல்தான் புதிது.

அவர்களுட் பெரும்பாலோர் தாழ்நிலத்தவர் என்பது மெய். ஆயின், அதைக் காட்டி ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இந்நோய் இல்லை என்று தீர்ப்பது எங்ஙனம்? தேடாமலே இல்லையென்பது விஞ்ஞானமாகாது.

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயது, நீரிழிவு, லயத்தருகே மரக்கறிப் பாத்தியில் வெறுங்காலுடன் வேலை. காய்ச்சலோடு வருகிறார், வழக்கமான செப்ற்றியாக்சோன் ஊசி ஏற்றப்படுகிறது. இந்நோய்க்கு அது போதாது. ஊசிக்கு முன்னரே இரத்தம் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பியிருந்தால், இரண்டொரு நாளில் கிருமி முளைத்திருக்கும். அங்கும் ஓர் இடறல் உண்டு: சாதாரண அசுத்தக் கிருமியென எண்ணி அதை எறிந்துவிடுவர். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமொக்சிக்ளாவுக்கு அடங்கும் கிராம்-எதிர்க் கோலுருக் கிருமியானால் ஐயுற வேண்டும். ஒருமுறை வளரவில்லையென்றாலும் நோய் இல்லையென்றாகாது. சளி, சிறுநீர், சீழ் ஆகியவற்றையும் மீள மீள வளர்க்க வேண்டும்.

நோய் தெரிந்தபின் சிகிச்சை இரு கட்டம். முதற்கட்டத்தில் செப்ற்றாசிடிம் அல்லது மெரோபெனெம் நாளத்தின் வழியே குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள். நுரையீரல் மிகக் கெட்டிருந்தால் நான்கு வாரமும் ஆகும். சரியான மருந்திலும் காய்ச்சல் தணிய ஒரு வாரத்துக்கு மேலாகலாம். அதுகண்டு மருந்தை மாற்றுவது பிழை. இரண்டாங்கட்டத்தில் கோ-டிரைமொக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். உடலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிப்பது இதுவே. இடையில் நிறுத்தினால் நோய் மீளும்.

மாத்திரை மலிவானது, அதை வாங்கச் செல்லும் நாளோ மலிவானதன்று. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. உடம்பு தேறியவர் கொழுந்து மலைக்கே திரும்புவார். அவரை அறியாமைக்காரர் என்று பழிப்போர், அவருடைய சம்பளச் சீட்டை ஒருமுறை வாசிக்கட்டும்.

ஆகவே நாம் கோருவது இரண்டே: நீரிழிவுக்காரரின் கடுங்காய்ச்சலுக்கு முதல் ஊசிக்கு முன் இரத்த வளர்ப்பு, மாத்திரைக் காலம் முடியும்வரை கிளினிக் நாளுக்கும் சம்பளம். இவ்விரண்டையும் மறுத்துவிட்டு எழுதப்படும் ‘நியூமோனியா’ நோயின் பெயரன்று. நம் அலட்சியத்தின் பெயர்.