திக்கும் நாவும் தீர்ப்பளிக்கும் உலகமும்

"திக்குவாய் கோழைத்தனத்தின் குறி, அச்சத்தை விட்டால் நா தானே நேராகும்" என்று போதிப்போர் நம்மிடையே பலர். ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். இப்போதனை உண்மையைத் தலைகீழாக நிறுத்துகிறது.

திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், வெட்கம் அறியாப் பருவத்திலேயே தோன்றுகிறது. பரம்பரையும், பேச்சை இயக்கும் மூளையின் செயல் வேறுபாடும் அதற்கு ஏதுவாகின்றன. அச்சம் பின்னர் வருவது. அதனைக் கொண்டுவந்து சேர்ப்பது சிரிக்கும் வகுப்பறையே. ஆனால், வந்த அச்சம் வாளாவிருப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும் எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் இறங்கவேண்டிய இடம் கொடிகாமம். 'கொ' என்னும் ஒலியில் நா பூட்டிக்கொள்ளுமென அஞ்சி, "பளை" என்று கேட்டுக் கூடுதற் பணம் கொடுத்து, கொடிகாமத்தில் இறங்கிவிடுகிறார். திக்கவில்லை, நெஞ்சு இலேசாகிறது. அந்த ஆறுதலே அச்சத்திற்குக் கிடைத்த கூலி! மறுநாள் 'கொ' முன்னிலும் பயங்கரமாகிறது. தவிர்க்கவியலாத வேளையில் அவர் தொண்டையை முன்கூட்டியே இறுக்குகிறார். அவ்விறுக்கமே பூட்டை மேலும் வலிதாக்குகிறது. பேசும் விருப்பிற்கும் விலகும் விருப்பிற்கும் இடையிலான இம்மோதலை அமெரிக்க உளவியலறிஞர் ஜோசப் ஷீஹன் 1953இல் விளக்கினார். அவரும் திக்கியவரே.

ஆகவே வளர்ந்தோர்க்கான சிகிச்சை, திக்கலை ஒளிப்பதிலன்று, ஒளிப்பதை விடுவதில் தொடங்குகிறது. தாமும் திக்கிய சார்ள்ஸ் வான் ரைப்பர் வகுத்த முறை இது. முதலில் எழுதுவினைஞர் திக்கியேனும் "கொடிகாமம்" என்று சொல்லி முடிக்கிறார். சில வினாடி நின்று, அதே சொல்லைத் தளர்ந்த நாவால் மீண்டும் சொல்கிறார். அது பழகியபின், பூட்டிக்கொண்ட கணத்திலேயே முட்டித் தள்ளாது, இறுக்கத்தைத் தளர்த்தி வெளிவருகிறார். இறுதியில், சொல்லுக்கு முன்பே தளர்வுடன் ஆயத்தமாகிறார். இடையிடையே, அஞ்சாத சொற்களிலும் வேண்டுமென்றே திக்கிப் பார்க்கிறார். திக்கினால் உலகம் இடிந்துவிடுவதில்லை என்பதை அனுபவம் கற்பிக்கிறது.

ஒலிகளை நீட்டி மெதுவாகப் பேசப் பயிற்றும் முறையும் உண்டு. அது திக்கலைக் குறைக்கும். எனினும் சிகிச்சை அறையில் கைகூடிய சரளம் சந்தையில் நழுவிவிடுவதுண்டு. எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் உளச்சிகிச்சை அச்சத்தைத் தணிக்கிறது. திக்கலின் எண்ணிக்கையை அது தனித்துக் குறைப்பதில்லை. இதனைத் தோல்வி என்போரை நாம் மறுக்கிறோம். திக்கியவாறே தம் ஊரின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குபவர், திக்காது பளைக்குச் சீட்டு வாங்கியவரினும் குணமடைந்தவரே.

ஆயினும் சிகிச்சை பாதி வழிதான். திக்குபவரின் சொல்லைப் பிடுங்கி நாமே முடித்துவைக்கும் 'இரக்கமும்', நேர்முகத் தேர்வில் சரளத்தையே அறிவெனக் கொண்டு புள்ளியிடும் வழக்கமும் அச்சத்திற்கு நாள்தோறும் தீனி போடுகின்றன. கடிகாரத்தைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பாமல், ஒரு சொல் முடியும்வரை காத்திருக்கக் கல்லாத ஆசிரியருக்கு "அஞ்சாதே" என்று உபதேசிக்க என்ன உரிமை?