‘முயற்சி தேவை’ என்றால் என்ன முயற்சி? ரேங்க் கார்டில் நாலு வரி எழுதும் கலை

தஞ்சாவூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. நான்காம் வகுப்பில் 38 பிள்ளைகள். காலாண்டுத் தேர்வு முடிந்து கார்டு கொடுத்த மறுநாள், ஒரு மாணவனின் அப்பா பைக்கை வெளியே நிறுத்திவிட்டு நேராக வகுப்பறை வாசலுக்கே வந்துவிட்டார். கையில் கார்டு. கணக்கில் 42 மதிப்பெண். ரிமார்க்ஸ் கட்டத்தில் ‘முயற்சி தேவை’.

“தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுதுறான் டீச்சர். நேத்து இதைப் பார்த்துட்டு ரெண்டு அடி போட்டுட்டேன். இன்னும் என்ன முயற்சி பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க.”

டீச்சரிடம் பதில் இல்லை. காரணம் எளிது. முந்தைய இரவு 38 கார்டுகளையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார். 80-க்கு மேல் ‘மிக நன்று’, 60-க்கு மேல் ‘நன்று’, அதற்குக் கீழே ‘முயற்சி தேவை’, கொஞ்சம் சேட்டைக்காரர்களுக்கு ‘கவனம் தேவை’. மதிப்பெண் ஏற்கெனவே சொன்னதைத்தான் அந்தச் சொற்கள் இன்னொரு முறை சொல்லியிருந்தன. அடி மட்டும் புதிது.

அன்று சாயங்காலம் அவர் செய்த முதல் வேலை, அந்தப் பையனின் கணக்கு விடைத்தாளைத் தேடி எடுத்தது. கழித்தல் கணக்குகளை வரிசையாகப் பார்த்தார். 52-லிருந்து 38 போனால் 14, சரி. 361-லிருந்து 145 போனால் 216, அதுவும் சரி. 503-லிருந்து 278 போனால்? 235 என்று எழுதியிருந்தான். சரியான விடை 225. அடுத்து 604-லிருந்து 157 போகும் கணக்கு. விடை 447 வர வேண்டும், இவனுக்கு 457. இரண்டிலும் ஒரே பத்து கூடுதலாக இருந்தது.

அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும். நடுவில் பூஜ்ஜியம் வந்தால் மட்டும் சறுக்குகிறான். 5 நூறில் ஒன்றை எடுத்து, பூஜ்ஜியத்தைப் பத்தாக்குகிறான். அந்தப் பத்திலிருந்து ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்த பிறகு மிச்சம் ஒன்பதுதான் என்பதை மறந்து, பத்திலிருந்தே ஏழைக் கழிக்கிறான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இதே தப்பைத்தான் இரண்டு மணி நேரம் செய்வான்!

அரையாண்டு கார்டில் டீச்சர் எழுதியது இது:

‘கடன் வாங்கிக் கழிப்பது நன்றாக வருகிறது. 503 – 278 போல நடுவில் பூஜ்ஜியம் வந்தால் பத்து கூடிவிடுகிறது. வீட்டில் ஐந்து நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாயும் கொடுத்து, சில்லறை மாற்றி 278 ரூபாய் எண்ணித் தரச் சொல்லுங்கள். வாரம் இரண்டு நாள் போதும்.’

ஒரு நூறை உடைத்தால் பத்துப் பத்து ரூபாய். அதில் ஒன்றை உடைத்தால் பத்து ஒரு ரூபாய். இப்போது கையில் இருப்பது 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. அந்த ஒன்பது நோட்டுகளையும் அவன் கையால் எண்ணும்போதுதான் விஷயம் உள்ளே போகிறது. நிஜ நோட்டு இல்லாவிட்டால் காகிதத்தில் எழுதி வெட்டிக்கொள்ளலாம்.

இந்த ரிமார்க்கில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு எது வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை. இரண்டு வேலை சொன்னால் இரண்டும் நடக்காது. கார்டில் இருக்கும் இடமும் அவ்வளவுதான், நுணுக்கி எழுதினால் 30, 35 சொல் பிடிக்கும். ஐந்து பாடத்தைப் பற்றியும் எழுத ஆசைப்படாமல், இந்தப் பருவத்தில் எது முக்கியமோ அதை மட்டும் எழுதிவிட்டு, மற்றதைப் பெற்றோர் கூட்டத்தில் நேரில் பேசிக்கொள்ளலாம்.

சரி, ஒரு பையனுக்கு இவ்வளவு மெனக்கெடலாம். 38 பேருக்கு?

கடைசி இரவில் உட்கார்ந்தால் முடியாது. யோசித்து எழுத ஒரு கார்டுக்கு நாலு நிமிடம் வைத்தாலே இரண்டரை மணி நேரம். அதுவும் என்ன எழுதுவது என்று கையில் குறிப்பு இருந்தால்தான். அதனால் டீச்சர் ஒரு பழைய நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து நாளுக்கு இரண்டு பேர். அன்றைக்கு அந்த இருவரை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பது, மதியம் ஒரு வரி குறிப்பது. 19 பள்ளி நாட்களில் வகுப்பு முழுக்க முடிந்துவிடும்.

நோட்டு தொடங்கும் முன் செய்த ஒரு காரியம்தான் அவரையே உலுக்கியது. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் 38 பெயரையும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார். முதலில் வந்தவர்கள் நன்றாகப் படிப்பவர்கள், அடுத்து சேட்டைக்காரர்கள். 33-ல் நின்றுவிட்டது. விடுபட்ட ஐந்து பேரும் சத்தம் போடாத, 60-க்கும் 70-க்கும் நடுவில் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள். அவர்களுக்குத்தான் போன முறை ‘நன்று’ என்று எழுதியிருந்தார். நோட்டில் முதல் மூன்று நாட்கள் அவர்களுக்கே போனது.

கார்டு எழுதும்போதும் ஒரு சிக்கல் உண்டு. வருகை எண் 1-ல் தொடங்கினால், 30-ஐத் தாண்டும்போது கை சோர்ந்து ‘நன்று’ தானாக வந்துவிடும். ஒரு பருவம் முன்னாலிருந்து, அடுத்த பருவம் பின்னாலிருந்து என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாளில் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். எழுதி முடித்ததும் பெயரை விரலால் மூடிவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கும் அது பொருந்துமென்றால் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம். ஒரே தெருப் பிள்ளைகள் வேனிலேயே கார்டை மாற்றி மாற்றிப் படித்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே. 96 வாங்கிய ஒரு மாணவிக்கு டீச்சர் எழுதியது: ‘கதையைப் படித்து அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தெரியாததைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறாள். இன்று என்ன கேள்வி கேட்டாய் என்று சாப்பிடும்போது கேளுங்கள்.’

பல வீடுகளில் இந்த ரிமார்க்கை முதலில் படிப்பது பிள்ளைதான். படிக்கத் தெரியாத பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும் அதே பிள்ளைதான். அதனால் ‘சோம்பேறி’, ‘மந்தம்’ மாதிரி ஆளையே குறிக்கும் சொல் கூடாது. ‘வீட்டுப்பாடம் இந்தப் பருவத்தில் ஆறு முறை வரவில்லை’ என்று நடந்ததைச் சொன்னால் போதும். பிள்ளை திருடியது, அடித்துக்கொண்டது, திடீரென்று பேச்சே குறைந்தது போன்றவை கார்டில் வரவே கூடாது. அவற்றுக்குப் பருவ முடிவுவரை காத்திருக்காமல் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும்.

இவ்வளவு எழுதினாலும் மதிப்பெண் பக்கத்தில் இருந்தால் கண் அதன் மேல்தான் போகும். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. கார்டில் மதிப்பெண்ணை மறைக்க முடியாது. டீச்சர் கண்டுபிடித்த வழி, கார்டு கொடுப்பதற்கு முந்தின நாளே ரிமார்க்கை மட்டும் பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுவது. ஆளுக்கு அரை நிமிடம்.

அரையாண்டு கார்டு போன வாரம் அந்த அப்பா வரவில்லை, பாட்டிதான் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துக் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். “நூறு ரூவா நோட்டு அஞ்சுக்கு எங்க போறது டீச்சரம்மா? காலண்டர் தாளைக் கிழிச்சு நோட்டு பண்ணியிருக்கான். என்கிட்ட வெத்தலை பாக்குக்கு அதையே குடுத்து மிச்சம் கேக்குறான்” என்றார்.