ஒரே வரிசையில் உப்பு



எங்கள் ஊர் கூனிமேடு. என் தந்தையார் உப்பளத் தொழிலாளி. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கு உதவி கேட்டு அவர் ஒரு விண்ணப்பம் கொடுக்க விரும்பினார். தட்டச்சு செய்யும் கடை ஒன்றில் அதை அடித்து வாங்கி வந்தேன். வீட்டில் படித்துப் பார்த்தால், "உப்பளம்" என்பது எல்லா இடத்திலும் "உப்பலம்" என்று இருந்தது! ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் ல, ள இரண்டுக்கும் ஒரே விசைதான். மேல்விசையை (ஷிப்ட்) அழுத்த மறந்தால் ள என்பது ல ஆகிவிடும். கையெழுத்திடத் தெரியாத என் தந்தையார் அதில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றுதான் தமிழ்99 பலகையைக் கற்க முனைந்தேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. கற்பதற்கு நான் பிடித்த வழி ஒரு விளையாட்டு: ஒரே வரிசை விசைகளால் அடிக்கக்கூடிய சொற்களைத் தேடுவது. ஆங்கிலத்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. typewriter என்ற சொல்லை மேல்வரிசையிலேயே முழுவதும் அடிக்கலாம். கீழ்வரிசையில் உயிரெழுத்தே இல்லாததால் அங்கே ஆங்கிலச் சொல் எதுவும் தேறுவதில்லை.

தமிழ்99-இல் கதை வேறு. நடுவரிசையில் அ, இ, உ, எ என்ற குறில்களும், புள்ளியும், க, ப, ம, த, ந, ய என்ற எழுத்துகளும் இருக்கின்றன. மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்பவையும், ள, ற, ன, ட, ண, ச, ஞ என்பவையும் உள்ளன. கீழே ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, ழ. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ந-வை அடுத்துத் த, ம-வை அடுத்துப் ப, ண-வை அடுத்து ட என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே.

இப்போது நடுவரிசையைப் பாருங்கள். "தம்பி", "பக்கம்", "மிகுந்த" எல்லாம் அங்கேயே முடிகின்றன. எனக்குக் கிடைத்தவற்றில் நீளமானது "புத்தகத்துக்கும்". பதின்மூன்று தட்டல்கள், விரல் மேலும் போகாது, கீழும் போகாது. எங்கள் ஊர்ச் சொல்லான "உப்பு" d j j d என்று நான்கே தட்டலில் முடிகிறது. ஆனால் "அம்மா"வும் "அப்பா"வும் இல்லை! ஆ என்ற நெடிலுக்காக மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

மேல்வரிசையில் "ஆசை", "ஆடை", "சட்டை", "சண்டை", "சேட்டை" கிடைத்தன. ஏன் எல்லாம் ஐகாரத்தில் முடிகின்றன என்று யோசித்தேன். தனிப்புள்ளி நடுவரிசையில் இருக்கிறது. ஆகவே மெய்யில் முடியும் எந்தச் சொல்லும் மேல்வரிசைக்குள் அடங்காது. இகரமும் உகரமும் அங்கே இல்லை. நம் சொற்கள் பெரும்பாலும் முடியும் வழிகள் இவைதாம். அவை அடைபட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஐகாரமே. ஆகவே ஒரு சொல்லைச் சோதிக்கிறவர் அதன் கடைசி எழுத்தை முதலில் பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஊமையான கீழ்வரிசை தமிழில் பேசுகிறது! ஒவ்வொரு மெய் விசையும் அகரத்தைத் தன்னுள் கொண்டு வருவதால், உயிர் விசையைத் தொடாமலே "வர", "வல்ல", "வரவர" என்று அடிக்கலாம். ஓகாரம் சேர்ந்தால் "வரவல்லவரோ" வரை போகலாம்; v m v n n v m x என்று எட்டுத் தட்டல்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்பவில்லை. சொல் தேடித் தேடி எந்த எழுத்து எந்த வரிசை என்பது என் விரலில் பதிந்தது. ள இருப்பது மேல்வரிசையில், y விசையில். ல இருப்பது கீழ்வரிசையில், n விசையில். இரண்டும் வலக்கைச் சுட்டுவிரலின் வேலைதான். ஆனால் ஒன்றுக்கு விரல் மேலே போகிறது, மற்றதற்குக் கீழே இறங்குகிறது. மேல்விசையை மறந்ததால் ள என்பது ல ஆகும் பிழைக்கு இங்கே இடமில்லை. "உப்பளம்" அடிக்கும்போது ள ஒன்றுக்காக மட்டுமே விரல் நடுவரிசையை விட்டு மேலே ஏறும். அந்த ஏற்றமே எழுத்தை நினைவூட்டிவிடுகிறது.

எனவே கணினிக்கூடத்தில் தமிழ்த் தட்டச்சு என்றால் ஆங்கில எழுத்து வழியே போதும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. முதல் வாரம் வேகம் குறையும், எனக்கும் குறைந்தது. ஆனால் தந்தையாரின் விண்ணப்பத்தை நானே மறுபடி அடித்தேன். கூனிமேடு என்ற பெயரில் எட்டுத் தட்டல்கள்: நான்கு நடுவரிசை, நான்கு மேல்வரிசை. உப்பளம், இம்முறை உப்பளமாகவே இருந்தது. அதன் கீழே அவர் கைநாட்டு வைத்தார்.