வயதைக் குறைத்த ஏடும் உண்மையைக் காட்டும் ஏடும்

"பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது; இனி விளையாட்டு வீரனின் வயது பற்றிய கேள்விக்கு இடமேது?" என்று கேட்போர் நம்மிடையே பலர். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோரும் அதிபர்களும் அவ்வாறே எண்ணுகின்றனர். சான்றிதழ் பொய்யாகாமலே வயது பொய்யாகலாம் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை நோக்குவோம். லிட்டில் லீக் என்னும் சிறுவர் பேஸ்போல் போட்டியில் வயதெல்லை பன்னிரண்டு. டொமினிக்கன் நாட்டில் பிறந்த டானி அல்மொன்டே என்னும் சிறுவனின் பந்தை எதிரணியினர் தொடவும் இயலாது திணறினர். அவன் 1989 ஏப்ரல் 7ஆம் திகதி பிறந்தவன் எனச் சான்றிதழ் கூறிற்று. அதுவோ அரசாங்கப் பதிவகம் தந்த சான்றிதழ். ஆனால் ஒரு சஞ்சிகையாளர் மோக்கா நகரப் பதிவகத்து ஏடுகளைப் புரட்டியபோது, அதே தந்தை, அதே மகன், அதே ஏப்ரல் 7. ஆண்டு மட்டும் 1987 என்றிருந்த பழைய பதிவு வெளிவந்தது. 1989 என்ற பதிவு 2000ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டது. பதினான்கு வயதினன் பன்னிரண்டு வயதினரோடு ஆடியிருக்கிறான்! அணியின் வெற்றிகள் யாவும் இரத்தாயின. தந்தையும் அணியை நடத்தியவரும் அப்போட்டி அமைப்பிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டனர்.

இங்கே இரண்டு ஏடுகளும் அரசாங்க ஏடுகளே. ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளுவதெப்படி? நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, அரச அலுவலர் கடமையின்போது செய்த பதிவைச் சாட்சியமாக ஏற்கின்றது. எனினும் உறவுமுறை பற்றிய கூற்றுக்களைப் பேசும் 32ஆம் பிரிவு, பிணக்கு எழுவதற்கு முன்னர் கூறப்பட்டதாயிருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றது. அந்நிபந்தனையில் அடங்கிய அறிவே நமக்கு வழிகாட்டி. பந்தை எவரும் கையிலெடுக்கும் முன்னர் எழுதப்பட்ட ஏட்டுக்குப் பொய்யுரைக்கக் காரணமில்லை.

ஆகவே சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த திகதியன்று. பதிவு செய்த திகதி. பிறந்து சில வாரங்களில் பதிந்ததாயின் ஐயம் குறைவு. பத்தாண்டு கழித்துப் பதிந்ததாயின் வேறு ஏடுகளைத் தேடுதல் வேண்டும். பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியின் திகதி குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் உண்டு. கத்தோலிக்கக் குடும்பமாயின் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. தம்பி தங்கையரின் பிறந்த திகதியும் பேசும். அண்ணனின் ஆண்டைப் பின்தள்ளியவர், தம்பி அவனுக்கு ஐந்து மாதத்தில் பிறந்ததாகக் காட்டிவிடுவதுண்டு!

எல்லாவற்றிலும் எளிதானது பாடசாலைச் சேர்வு இடாப்பு. ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாணவன் 2011 யூனில் பிறந்தவன் என்கிறது சான்றிதழ். அவன் முதலாம் தரத்தில் சேர்ந்ததோ 2014 சனவரி. அப்படியாயின் இரண்டரை வயதிற் சேர்ந்தான் என்றாகும். ஐந்து வயது நிரம்பினாலன்றி முதலாம் தரத்திற் சேர்ப்பதில்லையாதலால், அவன் 2009 சனவரிக்குப் பின்னர் பிறந்திருத்தல் இயலாது. இதற்கு வைத்தியரும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அதிபர் அலமாரியைத் திறந்தாற் போதும்.

எலும்பைப் பார்த்தால் தெரியாதோ என்பர் சிலர். தெரியும், ஓரளவுக்கு. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2009 முதல் பதினேழு வயதுக்குட்பட்ட ஆண்கள் போட்டியில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்க்கின்றது. ஆரை எலும்பின் வளர்ச்சித் தகடு முற்றாக இணைந்திருந்தால், அவன் பதினேழுக்குட்பட்டவனாயிருத்தல் மிக அரிது. ஆனால் இணையாதிருப்பதால் மட்டும் இளையவன் என்று கொள்ள முடியாது. பதினெட்டிலும் பத்தொன்பதிலும் இணையாதவர் பலர். இந்தியக் கிரிக்கெட் வாரியம் கையாளும் எக்ஸ்கதிர் முறையும் எலும்பின் முதிர்ச்சியைக் காட்டுமேயன்றிப் பிறந்த நாளைக் காட்டாது. ஓராண்டு முன்பின்னாதல் இயல்பு. ஆண்களுக்கு வகுத்த அளவைப் பெண் பிள்ளைகளுக்குப் பொருத்தலும் ஆகாது. அவர்களின் எலும்பு முந்தியே இணைந்துவிடும்.

இவ்விடத்தில் நாம் அஞ்சுவது ஒன்றுண்டு. தாமதப் பதிவெல்லாம் களவன்று. யுத்தமும் இடப்பெயர்வும் தீவக மக்களின் பத்திரங்களைச் சிதறடித்தன. தமிழ்நாட்டு முகாம்களிற் பிறந்து திரும்பிய பிள்ளைகளின் பத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. அத்தகைய பிள்ளையைத் தாமதப் பதிவு ஒன்றையே காட்டி மைதானத்திலிருந்து விரட்டுதல் அநீதி. அவனுடைய முகாம் பாடசாலை ஏடு, தடுப்பூசி அட்டை, உடன்பிறந்தோர் சான்றிதழ் ஆகியவற்றைச் சமர்ப்பிக்கத் தவணை கொடுத்து விசாரித்தல் வேண்டும்.

தீவக வலயக் கல்வி அலுவலகம் போட்டி விண்ணப்பத்தோடு இரண்டைக் கேட்கட்டும்: பதிவுத் திகதி தெளிவாகத் தெரியும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, முதன்முதற் சேர்ந்த பாடசாலையின் இடாப்புப் பிரதி. இரண்டும் முரண்பட்டால் விசாரணை போட்டிக்கு முன்னரே நடக்கட்டும். தோற்ற பிள்ளைக்குப் பதக்கம் ஓராண்டு கழித்துத் தபாலில் வந்தென்ன பயன்?