பெட்டி மூடுவதற்குள் ஒரு படம்

வீட்டில் கேக் செய்து விற்கும் இருவருக்கு இன்ஸ்டாகிராம் வேலை எங்கே தடைப்படுகிறது தெரியுமா? பெரும்பாலும் படம் எடுப்பதில்தான். பதிவை இரவு பத்து மணிக்குக்கூட கைப்பேசியில் போட்டுவிடலாம். கேக்கோ பெட்டி மூடும்வரைதான் நம் கையில் இருக்கும்.

அதனால், கிள்ளானில் பேக்கரி நடத்தும் அக்காள் தங்கை இருவருக்கு நான் போட்டுக் கொடுத்த கூகுள் ஷீட்டில், படம் எடுக்கும் நாளுக்குத்தான் முதல் மரியாதை. மொத்தம் ஐந்தே நெடுவரிசைகள்: A பதிவு நாள், B பொருள், C படம் எடுக்கும் நாள், D பெயர், E டிக் பெட்டி. பதிவுக்கு மூன்று நாள் முன்பே படம் தயாராக வேண்டும் என்பதால் C2-இல் இப்படி எழுதினோம்:

```
=A2-3
```

வானொலி நிகழ்ச்சி நிரலில் ஒரு பகுதிக்கு ஒருவர்தான் பொறுப்பு. இங்கும் D-இல் ஒரே பெயர். "இருவரும்" என்று எழுதினால், அக்காள் எடுத்திருப்பார் என்று தங்கையும், தங்கை எடுத்திருப்பாள் என்று அக்காளும் இருந்துவிடுவார்கள்.

E-இல் டிக் போட்டால் 'படம் எடுத்தாகிவிட்டது' என்று பொருள். படம் எடுக்கும் நாள் வந்தும் டிக் இல்லையென்றால் வரி சிவப்பாக வேண்டும். A2:E30-ஐத் தேர்ந்தெடுத்து, Conditional formatting பகுதியில் Custom formula is என்பதன் கீழ் இதை ஒருமுறை இட்டால் போதும்:

```
=AND($A2<>"",$C2<=TODAY(),$E2=FALSE)
```

சிவப்பைப் பார்த்த பிறகும் மூன்று நாள் அவகாசம் இருக்கும்.

தேதிகளைப் பின்னாலிருந்து நிரப்பினோம். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பிஸ்கட் சுட்டு, அடைத்து, வீடுகளுக்கு அனுப்ப இருவருக்கும் இரண்டு வாரம் தேவை. ஆகவே, ஆர்டர் நிறுத்தும் நாள் அக்டோபர் 25. அதை நினைவூட்டும் பதிவு 22-ஆம் தேதி. விலைப்பட்டியல் அக்டோபர் 8-ஆம் தேதி. அதற்கான படம் 5-ஆம் தேதி, திங்கட்கிழமை. அப்படியானால் அதற்கு முந்திய சனி, ஞாயிறில் மாதிரிக்கு ஒரு தட்டு சுட்டாக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் ஷீட்டைப் போட்ட பிறகுதான் இருவருக்குமே தெரிந்தது.

வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். ஞாயிறு இரவு கால் மணி நேரம் உட்கார்ந்து அடுத்த இரண்டு வாரத்தை மட்டும் நிரப்புங்கள். மாதம் முழுவதையும் நிரப்பினால், நடுவில் பெரிய ஆர்டர் ஒன்று வந்ததும் எல்லாத் தேதியும் பொய்யாகிவிடும். பிறகு யாரும் அதைத் திறக்கமாட்டார்கள்.

தொடர்ந்து இரண்டு வாரம் சிவப்பு தெரிந்தால், இரண்டு பதிவை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரம் ஓவனுக்கே இரண்டு பேரும் சரியாகிவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.