‘அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்’னா ‘சரிசெய்துகொள்ள வேண்டும்’ இல்லை தோழர்களே!

நம்ம பக்கத்துல எந்த வீடியோ போட்டாலும் கீழே ஒரு கமெண்ட் தவறாம வரும்: “இந்த ‘பண்ணு’ தமிழ் இருக்கிற வரைக்கும் தமிழ் உருப்படாது. எல்லாத்தையும் தமிழ்ப்படுத்துங்க.” அதுக்கு அடியிலேயே இன்னொருத்தர்: “ஜனங்க பேசுறதை அப்படியே போடுங்க, அதுதான் புரியும்.”

ரெண்டு பேருக்கும் பதில் இதுதான். அதைச் சொல்ல, நான் செஞ்ச ஒரு தப்பை முதல்ல ஒத்துக்கணும்.

வார்டு கூட்டத்துல ஒரு அம்மா பேசினாங்க. வீட்டு வேலை செய்றவங்க. உதவித்தொகை வந்து சேரலைங்கிறது புகார். அவங்க சொன்னது இது:

“அக்கவுன்ட்ல பணம் கிரெடிட் ஆகலை தம்பி. பேங்க்ல கேட்டா, ஆதார் லிங்க் பண்ணியாச்சு, ஆனா சீடிங் ஆகலைன்னு சொல்றாங்க. நாலு நாள் லீவு போட்டு அலைஞ்சுட்டேன். ஃபீல் பண்ணி என்ன ஆகப்போவுது, நம்மதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

வீடியோவுக்கு எழுத்து போட்டது நான். தமிழ்ப்பற்று பொங்கி, ஒரு ஆங்கிலச் சொல்லையும் விடக்கூடாதுன்னு இப்படி எழுதினேன்:

“கணக்கில் பணம் வரவாகவில்லை. வங்கியில் கேட்டால், ஆதார் இணைக்கப்பட்டுவிட்டது, ஆனால் இணைப்பு ஆகவில்லை என்கிறார்கள். நான்கு நாள் விடுப்பு எடுத்து அலைந்துவிட்டேன். உணர்ந்து என்ன ஆகப்போகிறது, நாமே சரிசெய்துகொள்ள வேண்டும்.”

பார்த்தா நல்ல தமிழ். படிச்சா பித்தலாட்டம்! ஒரு மணி நேரத்துல எதிர்த்தரப்பு ஆள் ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார்: “அவங்களே சரிசெஞ்சுக்கிறாங்களாம், உங்களுக்கு என்ன வந்தது?” அவர்மேல கோபப்பட எனக்கு வழியில்லை. அந்த அம்மாவோட புகாரைக் கவுத்தது நான்தான்.

எங்கே தப்புன்னு ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

முதல்ல ‘அட்ஜஸ்ட்’. ஆங்கில அகராதியில இதுக்குத் திருத்து, சரிசெய்னு பொருள் இருக்கும். ஆனா நம்ம ஊர் பஸ்ல “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க”ன்னா என்ன அர்த்தம்? பொறுத்துக்கோ, விட்டுக்கொடுன்னுதானே? அந்த அம்மா சொன்னது “எங்க தலையெழுத்து, பொறுத்துப் போகணும்”ங்கிற வேதனை. ‘ஃபீல் பண்றது’ம் அப்படித்தான். தமிழ்ல அது ‘உணர்தல்’ இல்லை, வருத்தப்படுறது. ‘டென்ஷன் ஆயிட்டார்’னா கோபம் வந்துடுச்சு. ‘அரியர்’னா, இன்ஜினியரிங் படிச்ச எவனையும் கேளுங்க, பாக்கிப் பணம்னு சொல்ல மாட்டான். இதெல்லாம் ஆங்கிலத்துல பிறந்து தமிழ்நாட்டுல வாக்கப்பட்ட சொற்கள். பிறந்த வீட்டு அர்த்தத்தை வெச்சு மொழிபெயர்த்தா தப்பாத்தான் வரும். புகுந்த வீட்டு அர்த்தத்தைத்தான் பார்க்கணும்.

ரெண்டாவது, ‘லிங்க்’கும் ‘சீடிங்’கும். நான் ரெண்டையும் ‘இணைப்பு’ன்னு எழுதிட்டேன். விளைவு? ‘இணைச்சாச்சு, ஆனா இணையலை’ன்னு உளறல். ஆனா அந்த அம்மா உளறலை. உங்க வங்கிக் கணக்குல ஆதார் எண்ணைப் பதிவு பண்ணி வெக்கிறது ஒரு வேலை. ஆதார் வழியா வர்ற அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போகணும்னு NPCI பட்டியல்ல ஏத்துறது வேற வேலை. இந்த ரெண்டாவதுக்குப் பேர்தான் சீடிங். முதல் வேலை முடிஞ்சு ரெண்டாவது முடியலைன்னா பணம் வராது. இல்லைன்னா, முன்னாடி சீடிங் பண்ணி மறந்துபோன பழைய கணக்குக்குப் போய் உட்கார்ந்துக்கும். இதைத் தெரிஞ்சுக்க myAadhaar தளத்துல Bank Seeding Status-னு ஒரு பகுதி இருக்கு. அந்த அம்மா கவுன்டர்ல போய் “இணைப்பு”ன்னு கேட்டா, “அதெல்லாம் பண்ணியாச்சும்மா”ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. “சீடிங்”னு கேட்டாத்தான் வேலை நடக்கும். அந்தச் சொல்லை எடுத்துட்டா அவங்க கையில இருக்கிற சாவியைப் பிடுங்கின மாதிரி. OTP-யும் இப்படித்தான். ‘ஒருமுறை கடவுச்சொல்’னு விளக்குங்க, தப்பில்லை. ஆனா போன்ல வர்ற மெசேஜ்ல OTP-ன்னுதான் இருக்கும், அதை மறைச்சுடாதீங்க.

மூணாவதுதான் பெரிய விஷயம். ‘பண்ணு’, ‘ஆகு’. இதைத்தான் ‘பண்ணித் தமிழ்’னு கிண்டல் பண்றாங்க. ஆனா கவனிங்க: ‘லிங்க் பண்ணியாச்சு’, ‘சீடிங் ஆகலை’. ‘பண்ணு’ வந்தா யாரோ செஞ்சாங்க. ‘ஆகு’ வந்தா அது தானா நடந்தது, இல்லை நடக்காம போச்சு; யார்மேலயும் பழி இல்லை. ‘இணைத்தது’, ‘இணைந்தது’ன்னு தமிழ் வினைகள் காலம்காலமாப் பிரிச்சுக் காட்டுற அதே தன்வினை பிறவினைக் கணக்கு இது. ஆங்கிலச் சொல் உள்ளே வந்தாலும் எலும்புக்கூடு தமிழ் இலக்கணம்தான். ‘அக்கவுன்ட்ல’ங்கிறதுல வேற்றுமை உருபு தமிழ், வாக்கியத்தோட கடைசியில நிக்கிற வினை தமிழ். செத்துப்போன மொழி இப்படி ஒரு வேலை செய்யுமா?

வங்கிக்காரங்க ‘நாங்க சீடிங் பண்ணலை’ன்னு சொல்லலை, ‘ஆகலை’ன்னாங்க. அந்த ஒத்தைச் சொல்லுல பொறுப்பு யாருதுங்கிற கேள்வியே மறைஞ்சு போச்சு. அது கண்ணுல படலைன்னா நீங்க யாருக்காகப் போராடுறீங்க?

இப்போ “அப்படியே போடுங்க” கட்சிக்கு வருவோம். வீடியோவுல அவங்க குரலுக்குக் கீழே போடுறதுன்னா அப்படியேதான் போடணும், ஒரு எழுத்து மாத்தக்கூடாது. ஆனா அதே புகாரை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் கையில மனுவாக் கொடுக்கணுமே? அங்கே ‘ஃபீல் பண்ணி, அட்ஜஸ்ட் பண்ணி’ன்னு எழுதினா அந்த அம்மாவை நாமளே இளக்காரம் ஆக்குறோம். தமிழ் எழுத்துமொழி பெரிய மனுஷங்களுக்கு மட்டும் சொந்தமா என்ன? திருத்தின மனு இதோ:

“என் கணக்கில் உதவித்தொகை வரவில்லை. கணக்குடன் ஆதாரை இணைத்துவிட்டதாகவும், ஆனால் ‘சீடிங்’ ஆகவில்லை என்றும் வங்கியில் சொல்கிறார்கள். நான்கு நாள் வேலைக்குப் போகாமல் அலைந்துவிட்டேன். வருத்தப்பட்டு என்ன பயன்? நாங்கள்தான் பொறுத்துப்போக வேண்டியிருக்கிறது. வங்கி சீடிங்கைச் செய்துமுடிக்க உத்தரவிட வேண்டுகிறேன்.”

பார்த்தீங்களா? ‘சீடிங்’ இருக்கு. ‘அட்ஜஸ்ட்’ போச்சு, வேதனை இருக்கு. வங்கி சொன்னதை மாத்தலை, ‘ஆகவில்லை’ன்னே இருக்கு. ஆனா கடைசி வரியில, நம்ம கோரிக்கையில, செய்ய வேண்டியது யாருன்னு பேர் சொல்லியாச்சு.

தமிழ்ச் சொல் எடுபடாதுன்னும் சொல்லலை. அக்ராசனர் தலைவர் ஆனார், காரியதரிசி செயலாளர் ஆனார், அபேட்சகர் வேட்பாளர் ஆனார், ஜில்லா மாவட்டம் ஆச்சு. மேடையிலயும் சுவரொட்டியிலயும் திரும்பத் திரும்பப் புழங்கி நின்ன சொற்கள் அவை. ‘பேருந்து’ பலகையில ஜெயிச்சுது, வாயில இன்னும் ‘பஸ்’தான். அதனால பேருந்தும் தோக்கலை, பஸ்ஸுன்னு சொல்றவனும் துரோகி இல்லை.

ஆகவே பதிவு எழுதுற தோழர்கள் மொழிபெயர்க்கும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இந்தச் சொல்லை அவங்க கவுன்டர்லயோ திரையிலயோ சந்திக்கணுமா? அப்போ வெச்சுக்கோங்க. இதுக்கு நம்ம ஊர் அர்த்தம் வேறயா? அப்போ அந்த அர்த்தத்தை எழுதுங்க. செஞ்சது யாருங்கிறது மாறாம இருக்கா? சந்தேகம்னா பேசினவங்களுக்கே வாசிச்சுக் காட்டுங்க.

நானும் வாசிச்சுக் காட்டினேன். முதல் வடிவத்தைக் கேட்டுட்டு அந்த அம்மா சொன்னது: “நான் எப்ப தம்பி சரி பண்ணிக்கிறேன்னு சொன்னேன்?”

பழைய வீடியோவை எடுத்துட்டோம். திருத்தினதை மேலே இணைச்சிருக்கோம். பகிருங்க தோழர்களே!