டிசிஎஸ் வளர்ச்சி 17.6%, 13.7%, 8.6%.. மூன்றுமே சரி! எப்படி?

தருமபுரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் ஒரு ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். போன வருஷம் 1 லட்சம் டாலருக்கு விற்றது. அப்போது டாலர் 75 ரூபாய், வரவு 75 லட்சம். இந்த வருஷமும் அதே விலை, அதே 1 லட்சம் டாலர். ஆனால் டாலர் 82 ரூபாய் ஆகிவிட்டதால் வரவு 82 லட்சம். கணக்கில் 9 சதவீதத்துக்கும் மேல் வளர்ச்சி! ஆனா ஒரு டின் கூட கூடுதலாக விற்கவில்லை.

இதைப் பிரித்துக் காட்டுவதுதான் 'கான்ஸ்டன்ட் கரன்சி' கணக்கு. இந்த வருஷ விற்பனையையும் போன வருஷ டாலர் ரேட்டிலேயே ரூபாயாக்கிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஆலையின் வளர்ச்சி பூஜ்யம்.

2022-23 நிதியாண்டில் டிசிஎஸ் வருவாய் ரூ.2,25,458 கோடி. ரூபாய் சரிந்ததால் வளர்ச்சி 17.6% என்று வந்தது. டாலரில் பார்த்தால் வெறும் 8.6%. காரணம், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பவுண்டு, யூரோவில் வந்த பணம் டாலராக மாற்றும்போது சுருங்கிவிட்டது. இரண்டு பாதிப்பையும் நீக்கினால் கிடைப்பது 13.7%.

அதற்காக இதை மட்டுமே நம்பவும் முடியாது. விலையை ஏற்றினாலும், வேறு கம்பெனியை வாங்கினாலும் இந்த எண் உயரும். ஆலைக்குக் கூடுதலாக வந்த 7 லட்சமும் கையில் வந்த நிஜப் பணம்தானே!